தாமதத்தை அறிவிப்பது எப்படி?

விமானம் தாமதமாவது புதிய செய்தியன்று. மழை பெய்யும், இடி இடிக்கும், வரவேண்டிய விமானம் வராமல் போகும், சக்கரத்தை மாற்ற வேண்டியிருக்கும். இவற்றை எந்த நிறுவனத்தாலும் முற்றிலும் தடுக்க முடியாது. ஆனால், தாமதத்தைப் பயணிகளிடம் எப்படிச் சொல்வது என்பது முழுக்க முழுக்க நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. ஒரே அளவு தாமதம், ஒரு நுழைவாயிலில் அமைதியான காத்திருப்பாகவும் மற்றொரு நுழைவாயிலில் கூச்சலும் குழப்பமுமாகவும் மாறுவதற்குப் பெரும்பாலும் அந்த அறிவிப்பே காரணம். நல்ல தாமத அறிவிப்பு மூன்று செய்திகளைத் தர வேண்டும்: ஏன் தாமதம், புதிய நேரம் எது, பயணி இப்போது என்ன செய்ய வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் அறிவிப்பு முழுமை பெறாது என்பது என் கருத்து.

“அதிகம் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள், சுருக்கமாகச் சொல்லிவிட்டு விடுவதே நல்லது” என்று சிலர் கூறுவார்கள். இக்கருத்தை நான் ஏற்கவில்லை. பயணிகளைப் பயமுறுத்துவது பெரும்பாலும் உண்மையன்று. உண்மை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் வெற்றிடமே. அந்த வெற்றிடத்தை ஒவ்வொருவரும் தத்தம் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறார்கள்.

முதலில், நாம் அடிக்கடி கேட்கும் வகையிலான ஓர் அறிவிப்பைப் பார்ப்போம்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. தவிர்க்க முடியாத காரணங்களால் திருச்சிராப்பள்ளி செல்லும் விமானம் தாமதமாகப் புறப்படும். மேல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்.”

இதில் மரியாதை இருக்கிறது. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால், இதைக் கேட்ட பயணிக்கு என்ன தெரிந்தது? ‘தவிர்க்க முடியாத காரணம்’ என்பது எது? விமானத்தில் ஏதேனும் கோளாறா? தாமதம் இருபது நிமிடமா, ஐந்து மணி நேரமா? சாப்பிடப் போகலாமா? திருச்சியில் காருடன் காத்திருக்கும் அண்ணனுக்கு என்ன சொல்வது? இவற்றில் ஒரு கேள்விக்குக்கூட அறிவிப்பில் விடையில்லை. அதனால், அறிவிப்பு முடிந்த அடுத்த நிமிடமே நுழைவாயில் முகப்பின் முன் வரிசை நீளும். நூறு பேர் ஒரே கேள்வியை ஒரே பணியாளரிடம் கேட்பார்கள். களைத்துப்போன பணியாளர் ஒருவருக்கு ஒரு விதமாகவும் மற்றவருக்கு வேறு விதமாகவும் பதில் சொல்வார். இரண்டு பதில்களும் வரிசையில் சந்தித்துக்கொள்ளும்போது அங்கே வதந்தி பிறக்கிறது.

இதே சூழலுக்கு நல்ல அறிவிப்பை எப்படி அமைப்பது? ஓர் எடுத்துக்காட்டை விரிவாகக் காண்போம். கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலிருந்து காலை 9.20க்குத் திருச்சிராப்பள்ளிக்குப் புறப்பட வேண்டிய விமானம் ஒன்றை நினைத்துக்கொள்வோம். அதன் எண் 417 என்று வைத்துக்கொள்வோம்.

அன்று விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து பலத்த காற்றும் இடிமழையும் வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலும் அதன் முன்னும் பின்னும் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் வாழ்பவர்களுக்கு இது பழக்கமான காட்சி. பொதுவாக, விடியலுக்கு முன்போ காலையிலோ வந்து ஓரிரு மணி நேரம் ஆட்டிவைத்துவிட்டுப் போய்விடும். ஆனால், அந்த ஓரிரு மணி நேரத்தில் விமான நிலையத்தின் வேலை தடுமாறிவிடும். மின்னல் அருகில் இருக்கும்போது திறந்தவெளியில் நின்று பயணப்பெட்டிகளை ஏற்றுவதும் எரிபொருள் நிரப்புவதும் ஆபத்து. எனவே, பணியாளர்களை உள்ளே அழைத்துக்கொள்வார்கள். காற்று திடீரெனத் திசை மாறுவதால் தரையிறங்க வந்த விமானங்களும் வானத்தில் வட்டமிட்டுக் காத்திருக்கும். எரிபொருள் குறைந்தால் வேறொரு விமான நிலையத்துக்குத் திரும்பிச் செல்லும்.

நம் 417இல் பறக்க வேண்டிய விமானம் அப்படித் திரும்பிய ஒன்று. காலை 8.10க்குக் கோலாலம்பூரில் இறங்க வேண்டிய அது, இறங்க முடியாமல் பினாங்கிற்குச் சென்றுவிட்டது. ஒரு விமானம் ஒரு நாளில் ஓர் ஊருக்கு மட்டும் பறப்பதில்லை. ஒரு பயணத்தை முடித்த கையோடு அடுத்த பயணத்துக்குத் தயாராகும். ஆகவே, எங்கோ நடந்த தாமதம் இங்கே வந்து நிற்கிறது. கோலாலம்பூரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ‘மோசமான வானிலையால் தாமதம்’ என்று சொன்னால், கண்ணாடி வழியே நீலவானத்தைப் பார்க்கும் பயணி அதை நம்பமாட்டார். பொய் சொல்கிறார்கள் என்றே நினைப்பார். சொன்னது உண்மைதான், ஆனால், பாதி உண்மை. ‘காலையில் பெய்த இடிமழையால் உங்கள் விமானம் இங்கே இறங்க முடியாமல் பினாங்கிற்குச் சென்றது’ என்று இன்னும் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் காரணம் புரிந்துவிடும். காரணம் என்பது ஒரு சொல்லன்று, நிகழ்ச்சிகளின் தொடர். அந்தத் தொடரை ஓரிரு வாக்கியங்களில் சொல்ல முடிந்தால் போதும்.

அடுத்தது, புதிய நேரம். இதை நுழைவாயிலில் நிற்கும் பணியாளர் தாமாக முடிவு செய்வதில்லை. நிறுவனத்தின் செயல்பாட்டு மையம் கணக்கிட்டுத் தருகிறது. அந்தக் கணக்கு கடினமானதன்று. பினாங்கில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு விமானம் 9.30க்குப் புறப்படும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில், 10.30க்குக் கோலாலம்பூரில் வந்து நிற்கும். அதில் வந்தவர்கள் இறங்க வேண்டும். உட்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பெட்டிகளை இறக்கி ஏற்ற வேண்டும். எரிபொருள் நிரப்ப வேண்டும். இதற்கு ஒரு மணி நேரம் வைத்தால் 11.30 ஆகிறது. மழைக்குப் பிறகு எல்லா விமானங்களும் ஒன்றாகக் கிளம்பப் பார்க்கும். ஓடுபாதைக்கு வரிசை இருக்கும். அதற்கு மேலும் பத்து நிமிடம். ஆக, புதிய புறப்பாட்டு நேரம் காலை 11.40.

இங்கே ஒரு சோதனை வருகிறது. பயணிகள் கோபப்படக்கூடாது என்பதற்காக ‘அரை மணி நேரம் தாமதம்’ என்று முதலில் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்து மீண்டும் ‘இன்னும் அரை மணி நேரம்’ என்று சொல்லும் வழக்கம் அது. கேட்கும்போது இனிமையாக இருக்கும். ஆனால், மூன்றாம் முறை சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு மணி இருபது நிமிடத் தாமதத்தை ஒரே முறை சொன்னால் பயணி சாப்பிடப் போகலாம். குழந்தையைத் தூங்க வைக்கலாம். வீட்டுக்கு அழைத்துப் பேசலாம். அதே நேரத்தை அரை அரை மணியாக நறுக்கிக் கொடுத்தால் அவர் இருக்கையை விட்டு எழவே முடியாது. நீண்ட தாமதத்தைவிட, முடிவு தெரியாத தாமதமே மனிதரை அதிகம் வாட்டுகிறது.

நேரம் உண்மையிலேயே தெரியாவிட்டால் என்ன செய்வது? பினாங்கிலும் மழை நிற்கவில்லை, விமானம் எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது ‘கூடிய விரைவில் அறிவிப்போம்’ என்பது விடையாகாது. ‘புதிய நேரம் இன்னும் உறுதியாகவில்லை, அடுத்த தகவலைக் காலை 9.15க்குத் தருகிறோம்’ என்று சொல்ல வேண்டும். விமானத்தின் நேரத்தைச் சொல்ல முடியாதபோது, அறிவிப்பின் நேரத்தையாவது சொல்லலாம். அந்த நேரம் வந்ததும், புதிய தகவல் இல்லாவிட்டாலும், ஒலிவாங்கியை எடுத்து ‘இன்னும் தகவல் வரவில்லை, மீண்டும் 9.45க்குச் சொல்கிறோம்’ என்று சொல்லியே ஆக வேண்டும். சொன்ன நேரத்தில் சொல்ல வந்ததே ஒரு தகவல்தான். நம்மை யாரும் மறக்கவில்லை என்பது அதிலிருந்து பயணிகளுக்குத் தெரியும்.

மூன்றாவது, பயணி செய்ய வேண்டியது. பல அறிவிப்புகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. ‘காத்திருக்கவும்’ என்றால் எங்கே காத்திருப்பது? நுழைவாயிலைவிட்டு நகரலாமா? மீண்டும் எத்தனை மணிக்கு வந்து நிற்க வேண்டும்? பயணிக்குப் புறப்படும் நேரத்தைவிட, விமானத்தில் ஏறத் தொடங்கும் நேரமே முக்கியம். விமானம் 11.40க்குப் புறப்படும் என்று மட்டும் சொன்னால் 11.35க்குக் காப்பிக் கோப்பையுடன் ஓடிவரும் ஒருவர் நிச்சயம் இருப்பார்.

அத்துடன் உணவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது நிறுவனத்தின் தாராள மனத்தைப் பொறுத்ததன்று. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பின்படி, தாமதம் 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆனால் பயணிகளுக்கு உணவும், தொலைபேசி, இணைய வசதியும் தர வேண்டும். 5 மணி நேரம் அல்லது அதற்கு மேல் ஆகி, இரவில் தங்க வேண்டியிருந்தால் தங்குமிடமும் போக்குவரத்தும் தர வேண்டும். 2024 செப்டம்பர் முதல், 5 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் பயணத்தைக் கைவிட்டுக் கட்டணத்தைத் திரும்பக் கேட்கவும் பயணிக்கு உரிமையுண்டு. இந்த உரிமைகளைத் தெரிந்தவர் மட்டும் முகப்புக்குச் சென்று கேட்டுப் பெறுவதும், தெரியாத மூதாட்டி பசியோடு உட்கார்ந்திருப்பதும் நியாயமன்று. அறிவிப்பு எல்லார் காதிலும் விழுவது; ஆகவே, உரிமையையும் அதிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது இம்மூன்றையும் சேர்த்து, காலை 8.40க்குச் செய்யத்தக்க அறிவிப்பை எழுதிப் பார்ப்போம்.

“திருச்சிராப்பள்ளி செல்லும் விமானம் 417இன் பயணிகளுக்கு ஓர் அறிவிப்பு. உங்கள் விமானம் தாமதமாகப் புறப்படும். காலையில் பெய்த இடிமழையால், உங்களை ஏற்றிச்செல்ல வேண்டிய விமானம் இங்கே தரையிறங்க முடியாமல் பினாங்கிற்குச் சென்றது. அது இப்போது அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கிறது. புதிய புறப்பாட்டு நேரம் காலை 11.40. விமானத்தில் ஏறும் நேரம் 10.55, நுழைவாயில் அதே 14தான். திருச்சியில் உள்ளூர் நேரப்படி பிற்பகல் 1 மணி அளவில் இறங்குவோம். உணவுப் பற்றுச்சீட்டுகளை இந்த முகப்பில் இப்போது பெற்றுக்கொள்ளலாம். அடுத்த தகவலை 10 மணிக்குத் தருகிறோம். தாமதத்திற்கு வருந்துகிறோம். மீண்டும் சொல்கிறோம்: விமானம் 417, ஏறும் நேரம் காலை 10.55, நுழைவாயில் 14.”

இதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். இதன் வரிசையைக் கவனியுங்கள். முதலில் வருவது எந்த விமானம் என்பது. தம் விமானம் என்று தெரிந்த பிறகுதான் மனிதர் காது கொடுத்துக் கேட்பார். ஆகவே, முக்கியமான எண்களை முதல் வாக்கியத்திலேயே கொட்டிவிடக்கூடாது. பிறகு காரணம், நேரம், செயல். இறுதியில் எண்கள் மட்டும் மறுபடியும் வருகின்றன. இடையில் அழுத குழந்தையால் கேட்கத் தவறியவருக்கும் அவை கிடைத்துவிடும். வருத்தம் ஒரே முறை தெரிவிக்கப்படுகிறது. நான்கு முறை மன்னிப்புக் கேட்டால், ஏதோ பெரிய விபரீதம் நடந்துவிட்டது என்ற எண்ணமே எழும்.

திருச்சியின் உள்ளூர் நேரத்தைச் சொன்னதற்கும் காரணம் உண்டு. இந்தியா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. பழைய கணக்கின்படி 10.40க்கு வரவேண்டியவர் இப்போது 1 மணிக்கு வருவார் என்பது அங்கே காத்திருக்கும் உறவினருக்குத் தேவையான செய்தி. அதேபோல், நள்ளிரவையொட்டிய நேரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ‘இரவு 12.30’ என்று மட்டும் சொன்னால், அது இன்றிரவா நாளை இரவா என்ற குழப்பம் வரும். ‘வெள்ளிக்கிழமை பின்னிரவு 12.30, அதாவது இன்னும் மூன்று மணி நேரத்தில்’ என்று சொன்னால் தெளிவு பிறக்கும்.

இதுவரை மழையைப் பற்றிப் பேசினோம். மழையைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை. விமானத்திலேயே பழுது இருந்தால் என்ன சொல்வது? இங்கேதான் சொல் தேர்வு பெரிய வேலை செய்கிறது. தமிழில் ‘இயந்திரக் கோளாறு’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், ‘இயந்திரம்’ என்பது எல்லா வகை இயந்திரத்தையும் குறிக்கும். விமானத்தைப் பறக்கவைக்கும் எஞ்சினையும் குறிக்கும். கேட்பவர் மனத்தில் எஞ்சின்தான் முதலில் தோன்றும். உண்மையில் பழுதானது ஒரு கதவின் உணர்கருவியாக இருக்கலாம். தேய்ந்துபோன ஒரு சக்கரமாக இருக்கலாம். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்பதும் அதே அளவு மூட்டமானதுதான். ‘புறப்படுவதற்கு முன் செய்யும் சோதனையில் ஒரு சக்கரம் தேய்ந்திருப்பது தெரிந்தது. பொறியாளர்கள் அதை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று சொல்லிப் பாருங்கள். பழுதும் தெரிகிறது, அதைக் கண்டுபிடித்தவர்களும் சரிசெய்பவர்களும் தெரிகிறார்கள். இதில் அச்சத்திற்கு இடமில்லை.

‘உங்கள் பாதுகாப்பைக் கருதி’ என்ற தொடரும் அப்படித்தான். நல்ல எண்ணத்தில் சொல்லப்படுவதுதான் அது. ஆனால், அதுவரை பாதுகாப்பைப் பற்றி நினைக்காதவரையும் அது நினைக்க வைத்துவிடும். செய்யும் வேலையைச் சொன்னால் போதும். அது பாதுகாப்புக்காகத்தான் என்பதைப் பயணி தாமே உணர்ந்துகொள்வார்.

காரணத்தைச் சொன்னால் பதற்றம் வரும் என்று இன்னும் வாதாடுவோருக்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சியை நினைவூட்டலாம். 1982 ஜூன் 24ஆம் நாள், கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம், ஜாவாவின் கலுங்கோங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் நுழைந்தது. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. தலைமை விமானி எரிக் மூடி, ஒரு சிறு சிக்கல் இருப்பதாகவும், நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டதாகவும், அவற்றை மீண்டும் இயக்க முழுமூச்சாக முயல்வதாகவும் நிதானமான குரலில் அறிவித்தார். பிறகு எஞ்சின்கள் மீண்டும் இயங்கின. விமானம் ஜக்கர்த்தாவில் பத்திரமாக இறங்கியது. நடந்தது என்ன, நாங்கள் என்ன செய்கிறோம் என்ற இரண்டும் அந்தச் சில சொற்களில் இருந்தன. வானத்தில் அத்தகைய செய்தியையே மறைக்காமல் சொல்ல முடிந்தபோது, தரையில் நிற்கும் விமானத்தின் ஒரு சக்கரத்தைப் பற்றிச் சொல்ல ஏன் தயங்க வேண்டும்?

எனினும், எதையும் எல்லையின்றிச் சொல்லலாம் என்று நான் கூறவில்லை. உறுதியாகாத காரணத்தைச் சொல்லக்கூடாது. ‘ஒருவேளை எஞ்சினாக இருக்கலாம் என்று நினைக்கிறோம்’ என்பது அறிவிப்பன்று, ஊகம். அப்போது ‘பொறியாளர்கள் ஓர் எச்சரிக்கை விளக்கைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், முடிவை 9.15க்குச் சொல்கிறோம்’ என்று, தெரிந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். உடல்நலம் குன்றிய ஒரு பயணியால் தாமதம் என்றால், அவர் யார், என்ன நோய் என்பது மற்றவர்களுக்குத் தேவையில்லை. ‘பயணி ஒருவருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டது’ என்றால் போதும். வேறு பிரிவினர்மீது பழி போடுவதும் வேண்டாம். யார் தவறு என்று கேட்டுப் பயணிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பணியாளரின் வாயும் அறிவிப்புப் பலகையும் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டும். பணியாளர் 11.40 என்கிறார், பலகை 10.30 என்கிறது, கைப்பேசியோ இன்னும் 9.20 என்றே காட்டுகிறது. அந்நிலையில், எவ்வளவு நல்ல தமிழில் அறிவித்தாலும் பயனில்லை. பயணிகள் மூன்றையும் சந்தேகிப்பார்கள். ஆகவே, ஒலிவாங்கியை எடுக்கும் முன் பலகையை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிடுவது நல்ல பணியாளரின் பழக்கம். பலகை மாறவில்லையென்றால், ‘பலகையில் இன்னும் பழைய நேரம் உள்ளது, 11.40 என்பதே சரியான நேரம்’ என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடலாம்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். தாமதம் என்னும் யானை வந்து நின்ற பிறகு மணியடித்துப் பயனில்லை. 9.20 கடந்து, விமானமும் இல்லை, தகவலும் இல்லை என்று பயணிகள் எழுந்து நின்ற பிறகு செய்யும் அறிவிப்பு, எவ்வளவு முழுமையானதாக இருந்தாலும் சமாதானமாகத்தான் ஒலிக்கும். விமானம் பினாங்கிற்குத் திரும்பியது தெரிந்தவுடனே செய்யும் அறிவிப்புத்தான் தகவலாக ஒலிக்கும். காரணத்தை மறைக்காமல், நேரத்தை நறுக்காமல், அடுத்து என்ன செய்வது என்பதை விடாமல், தெரிந்தவுடனே சொல்லுங்கள் என்பதே விமான நிறுவனங்களிடம் பயணிகள் கேட்க வேண்டியது. மழையை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, 10.55க்கு எங்கே நிற்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.